வன்னியில போட்ட காசின்ர லாபம் திரும்பி வெளிநாட்டுக்குப் போகேல்லையா? நானும் விட்ட பிழையள்

போன மாதம் லண்டனில இருந்து ஒரு தம்பி வந்தவர். பரந்தன் பக்கம் அரிசி ஆலை ஒண்டில காசு போடப் போறாராம். கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதுக்குள்ள காணிப்படம், மெஷின் கொட்டேஷன், தவிடு எண்ணெய்க்கு ஒரு பிளான், எல்லாம் வலு நீட்டா இருந்துது. காசு எப்பிடி அனுப்பப் போறீர் எண்டு கேட்டன். "அது பிரச்சினையில்லை அண்ணை, அத்தானின்ர சேவிங்ஸ் கணக்குக்குப் போட்டா அவர் பாத்துக்கொள்ளுவார்" எண்டார். 2018ல கிளிநொச்சியில நான் செய்தது அச்சொட்டா இதுதான், அதால பேசாம இருக்க ஏலாமப் போச்சு.

கூட்டாளி ஏமாத்துவான், கணக்கு எழுதோணும் எண்டதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவம். வந்த லாபம் நாட்டை விட்டு வெளிய போகாமல் கிடக்கிற கதையை மட்டும் சொல்லுறன்.

காசு எந்தக் கதவால உள்ள வந்தது எண்டதுதான் எல்லாமே

இலங்கையில இப்ப இருக்கிறது 2017ம் ஆண்டின் 12ம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். அதுக்கு முதல் இருந்த 1953ம் ஆண்டுச் சட்டம் இன்னும் இறுக்கம். புதுச் சட்டத்தில வெளிநாட்டுக்காரர், வெளிநாட்டில குடியிருக்கிற இலங்கையர், இரட்டைக் குடியுரிமைக்காரர், வெளிநாட்டுக் கம்பனியள் எல்லாருக்கும் ஒரு கதவு வச்சிருக்கு. அதின்ர பேர் உள்முக முதலீட்டுக் கணக்கு, வங்கியில ஐ.ஐ.ஏ. எண்டு சொல்லுவினம். உங்கட பேரில அந்தக் கணக்கைத் திறந்து, வெளிநாட்டில இருந்து காசை அதுக்குள்ள எடுத்து, அதில இருந்து கம்பனிக்குப் போட்டுப் பங்கு வாங்கினா, பிறகு வாற லாபப்பங்கும் பங்கை விக்கிற காசும் அதே கணக்குக்குள்ள திரும்பி வந்து வெளிய போகலாம், மத்திய வங்கியிட்டத் தனியாக் கேக்கத் தேவையில்லை. அந்தக் கதவால வராத காசுக்குத் திரும்பிப் போற வழி வலு ஒடுக்கம்.

நான் என்ன செய்தனான் எண்டா, ஒரு கோடி எண்பது லட்சம் ரூவாயை மச்சானின்ர சேவிங்ஸ் கணக்குக்குப் பாதியும் மிச்சப் பாதியை உண்டியலிலயும் அனுப்பினன், உண்டியல்காரன் ரேட் கொஞ்சம் கூடக் குடுத்தவன், அந்தக் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டதுதான். கம்பனி பதிய நான் கனடாவில நிண்டதால பங்கு முழுக்க மச்சானின்ர பேரிலயே போட்டம், "பிறகு மாத்துவம்" எண்டு. ஆலை நல்லா ஓடினது, காலபோக அறுவடைக்கு லொறியள் றோட்டுவரைக்கும் வரிசையில நிண்டது. மூண்டாம் வருசம் லாபத்தில என்ர பங்கை எடுப்பம் எண்டு வங்கிக்குப் போனன். அங்க இருந்த பிள்ளை ஃபைலைப் புரட்டிப் பாத்திட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "உங்கட ஐ.ஐ.ஏ. ஸ்டேட்மென்ட் எங்க அங்கிள்?" எண்டதுதான். அது என்னது எண்டு நான் கேட்டன்.

பிள்ளை பொறுமையா விளங்கப்படுத்தினா. பேப்பரில நான் முதலீட்டாளரே இல்லை. மச்சானுக்குக் காசு அனுப்பின ஒரு சொந்தக்காரன், அவ்வளவுதான். பங்கு மச்சானின்ர பேரில, லாபப்பங்கு சட்டப்படி மச்சானின்ர காசு. அவர் இலங்கையில வசிக்கிற ஆள், அவர் எனக்கு அனுப்பிறதெண்டா அது அன்பளிப்புக் கணக்கில போகும், அதுக்கு வரம்பிருக்கு, 2020க்குப் பிறகு அந்த வரம்புகளை இன்னும் இறுக்கினவங்கள். உண்டியலில வந்த பாதி ஒரு பேப்பரிலயும் இல்லை, வானத்தில இருந்து விழுந்த மாதிரி.

சரி, பங்கை என்ர பேருக்கு மாத்துவம் எண்டு லோயரிட்டப் போனா, அவர் சிரிக்கிறார். வெளிநாட்டு ஆள் உள்ளூர் ஆளிட்டப் பங்கு வாங்கிறதெண்டா விலை ஐ.ஐ.ஏ. கணக்கால வரோணுமாம். அதாவது என்ர காசில வாங்கின பங்கை இன்னொருக்கா என்ர காசைக் குடுத்தே வாங்கோணும், அந்தக் காசு ரூவாயா மச்சானிட்டப் போய் அதுவும் இங்கயே கிடக்கும். மச்சான் நல்ல மனிசன், அவரில ஒரு குறையும் இல்லை. இப்ப நினைச்சாலும் எரிச்சல் வாறது என்னிலதான், ஒரு அரை நாள் வங்கியில இருந்து ஒரு ஃபோர்ம் நிரப்பியிருந்தா முடிஞ்சிருக்கும்.

கடைசியாச் செய்தது இதுதான். பழைய காசைப் பழைய காசாவே விட்டன். அதில இருந்து வாறதை ரூவாயாவே இங்க செலவழிக்கிறம், அம்மாவின்ர வீட்டுக் கூரை மாத்தினது, நான் வந்து நிக்கிற செலவு எல்லாம் அதில போகுது. ஆலையைப் பெருப்பிக்கக் காசு தேவைப்பட்ட நேரம் புதுசா ஐ.ஐ.ஏ. திறந்து, என்ர சொந்தக் கணக்கில இருந்து அனுப்பி, புதுப் பங்கு என்ர பேரில எடுத்தன். அந்தப் புதுப் பங்கின்ர லாபம் இப்ப ஒழுங்காப் போகுது.

தம்பிக்கு நான் சொன்ன ஒழுங்கு: பாஸ்போட்டைக் கொண்டுபோய் வணிக வங்கியில ஐ.ஐ.ஏ. திறவும், கிளிநொச்சிக் கிளையில தெரியாதெண்டா கொழும்பு ஹெட் ஒஃபீஸோட கதைக்கச் சொல்லும். லண்டனில உம்மட பேரில உள்ள கணக்கில இருந்து மட்டும் அனுப்பும், மனிசியின்ர கணக்கு வேண்டாம், பேர் பொருந்தோணும். ஐ.ஐ.ஏ.ல இருந்து கம்பனிக் கணக்குக்குப் போகேக்க பங்கு முதலீடு எண்டு எழுதுவியும். கம்பனி செக்ரட்டரி பங்கு வழங்கினதுக்கான ஆறாம் இலக்கப் படிவத்தைக் கம்பனிப் பதிவாளருக்குக் குடுக்கோணும், அதின்ர கொப்பியும் பங்குச் சான்றிதழின்ர கொப்பியும் வங்கி ஃபைலுக்குள்ள போகட்டும். அந்த ஃபைல் ஒருக்காலும் துலையக் கூடாது.

40 வீதம்

இது கன பேருக்குத் தெரியாது. நெல்லு, தேயிலை, தெங்கு மாதிரியான பயிர்ச்செய்கையிலயும் அதின்ர முதல்கட்டப் பதப்படுத்தலிலயும் வெளிநாட்டுக்காரர் 40 வீதத்துக்கு மேல பங்கு வச்சிருக்கிறதெண்டா முதலீட்டுச் சபையின்ர அனுமதி வேணும். அரிசி ஆலை இதுக்குள்ள வருகுது. கரையோர மீன்பிடியில வெளிநாட்டு முதலீடு முழுக்கத் தடை, முல்லைத்தீவில வள்ளம் வாங்கிவிடுவம் எண்டு நினைக்கிற ஆக்கள் கவனிக்கோணும். இதை மீறிப் போட்ட காசுக்கு லாபம் அனுப்பக் கேட்டுப் போனா, நீங்களே போய் மாட்டிக்கொள்ளுற மாதிரி.

பேர்மிட் காணி

அரசாங்கம் பேர்மிட்டில குடுத்த காணியை வாங்காதேங்கோ. உங்கட பேருக்கு வராது, விக்கவும் ஏலாது.

லாபம் வேற, லாபப்பங்கு வேற

வங்கியில ரூவாய் கிடக்குது, அதை அனுப்புங்கோ எண்டு கேக்கிறவை இருக்கினம். கம்பனிக் காசு உங்கட காசில்லை. அது லாபப்பங்காப் பிரகடனம் ஆனாத்தான் உங்கட காசு. அதுக்குக் கணக்காய்வு முடிஞ்ச கணக்கு வேணும், இயக்குநர் சபைத் தீர்மானம் வேணும், 2007ம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி காசைப் பிரிச்ச பிறகும் கம்பனி கடன் கட்டக்கூடிய நிலையில இருக்கெண்டு கணக்காய்வாளரிட்டச் சான்றிதழும் எடுக்கோணும். கடைசிச் சான்றிதழைத்தான் எல்லாரும் மறக்கிறது.

என்ன மிஞ்சும் எண்டு ஒருக்காப் பாப்பம். ஆலைக்கு வரிக்கு முதல் ஒரு கோடி லாபம் எண்டு வையுங்கோ. கம்பனி வரி 30 வீதம் போனா 70 லட்சம். உங்கட பங்கு 40 வீதம், அப்ப 28 லட்சம். அதில 15 வீதம் பிடித்துவைத்தல் வரி, 4 லட்சத்து 20 ஆயிரம். கையில 23 லட்சத்து 80 ஆயிரம். டொலர் 300 எண்டா கிட்டத்தட்ட 7,900 டொலர். அந்த 15 வீதம் கட்டின சான்றிதழை வாங்கி வையுங்கோ, அது இல்லாட்டி வங்கி இழுத்தடிக்கும், கனடாவிலயும் வரி காட்டேக்க தேவைப்படும்.

"டொலர் இறங்கட்டும், பிறகு அனுப்புவம்"

இது 2021ல நான் கேட்ட கதை. அப்ப டொலர் 200 ரூவாயடியில வச்சிருந்தவங்கள். எங்கட ஊர்க்காரர் ஒராள், ஒழுங்கா ஐ.ஐ.ஏ. எல்லாம் வச்சிருந்தவர், பேப்பர் எல்லாம் சரி, ஆனா இன்னும் இறங்கும் எண்டு லாபப்பங்கைக் கம்பனிக்குள்ளயே விட்டிட்டு இருந்தார். அந்த வருசக் கடைசியில மனம் மாறிப் போனா வங்கி டொலர் இல்லை, வரிசையில நில்லுங்கோ எண்டது. 2022 மார்ச்சில ரூவாயை மிதக்க விட்டாங்கள், மே மாதம் 360. மேல சொன்ன அதே 23 லட்சத்து 80 ஆயிரத்தை வச்சுப் பாருங்கோ, 200ல அது 11,900 டொலர், 360ல 6,600தான். ஐ.ஐ.ஏ. உங்களுக்கு அனுப்பிற உரிமையைத்தான் தரும், வங்கியிட்ட டொலர் இருக்கெண்டு உத்தரவாதம் தராது. அதால கணக்காய்வு முடிஞ்ச உடன பிரகடனம் செய்து, டொலர்ல திறந்த ஐ.ஐ.ஏ.க்கு மாத்திப் போடோணும். உடன வெளிய அனுப்பத் தேவையில்லாட்டியும் டொலராக் கிடக்கட்டும்.

மாத்த ஏலாமல் ரூவாயில அடைபட்டாலும் அதைச் சும்மா கிடக்க விடக் கூடாது. ஐ.ஐ.ஏ.ல உள்ள ரூவாயில திறைசேரி உண்டியல் வாங்கலாம் (இது அந்த உண்டியல் இல்லை, அரசாங்கம் விக்கிறது). 2022 பிற்பாதியில அதின்ர வட்டி 30 வீதத்தைத் தாண்டினது. அப்ப அதில போட்டுக் காத்திருந்த ஆக்களுக்கு நட்டத்தில ஒரு பகுதியாவது திரும்பினது, சேவிங்ஸில விட்டவைக்கு அதுவும் இல்லை.

கள்ள இன்வொய்ஸ்

மெஷினுக்கு விலையைக் கூட்டி எழுதி மிச்சத்தை வெளிய எடுக்கிறது. சுங்கம் பிடிச்சா ஆலையும் போகும்.

இலங்கைப் பாஸ்போட்டோட போன ஆக்கள்

ஊரை விட்டுக் குடிபெயர்ந்து போன ஆக்களுக்குத் தனி வழியொண்டு இருக்கு, மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு எண்டு. முந்தி இருந்த காணி வித்த காசு, சீதனம், பழைய முதலீடு மாதிரி ஐ.ஐ.ஏ. கதவால வராத சொத்தின்ர காசு இதுக்குள்ள வந்து வருசத்துக்கு இவ்வளவு எண்டு வரம்போட வெளிய போகலாம். வரம்பை மத்திய வங்கி அடிக்கடி மாத்தும், நெருக்கடி நேரம் நல்லாக் குறைச்சும் விட்டது, அதால போற அண்டைக்கு வங்கியில கேளுங்கோ. ஆனா சொத்து உங்கட பேரில இருந்திருக்கோணும். மச்சானின்ர பேரில இருந்தா இதுவும் சரிவராது, நான் கேட்டுப் பாத்திட்டன்.

தம்பி எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போனார். ரெண்டு நாள் கழிச்சு ஃபோன் வருகுது: "அண்ணை, அத்தானுக்கு ஏற்கனவே ஐயாயிரம் பவுண்ஸ் அனுப்பிட்டன், அதை என்ன செய்யிறது?" அத்தானுக்குக் குடுத்த காசெண்டு நினைச்சு அதை மறந்திட்டு, நாளைக்கு வங்கிக்குப் போம் எண்டன்.