பூட்டிய வீட்டில் பிரிட்ஜ்: ஹொலிடே, டர்போ, கொன்வேர்ட்டபிள் பட்டன்களில் விடும் பிழைகள்

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பத்து நாள் கொழும்புக்குப் போகும் ஒரு புதுக்குடியிருப்பு வீட்டை எடுத்துக்கொள்வோம். சோளகம் வீசும் காலம், தகரக் கூரை, கதவு யன்னல் எல்லாம் பூட்டு. மத்தியானத்தில் குசினிக்குள் 33, 34 பாகை வெப்பம் நிற்கும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் பால், முட்டை, மிஞ்சின குழம்பு. மேலே பிரீசரில் மூன்று கிலோ பாரை. புறப்படும் அவசரத்தில் ஹொலிடே பட்டனை அமத்திவிட்டு, "சாமானும் பழுதாகாது, கரண்டும் மிச்சம்" என்று கதவைச் சாத்துகிறார்கள். பழுது தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஹொலிடே என்பது சாப்பாட்டைக் காக்கும் பட்டன் இல்லை. வெறுமையாக விட்ட பிரிட்ஜில் நாற்றமும் பூஞ்சணமும் பிடிக்காமல் காக்கும் பட்டன். அதை அமத்தினால் பிரீசர் வழமைபோல −18 பாகையில் ஓடும். பிரிட்ஜ் பகுதியோ 4 பாகையில் இருந்து மெல்ல ஏறி, மொடலைப் பொறுத்து 14 தொடக்கம் 17 பாகை வரையில் நிற்கும். சில மொடல்களில் Vacation என்று இருக்கும் பட்டன் பிரிட்ஜ் பகுதியை முழுதாகவே நிறுத்திவிடும். பாலையும் குழம்பையும் 5 பாகைக்கு மேலே வைத்தால் கிருமி பெருகும். 15 பாகையில் பத்து நாள் நின்ற குழம்பைச் சூடாக்கித் தின்னலாம் என்று நினைப்பது ஆபத்து, ஏனென்றால் சில கிருமிகள் விட்ட நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே முதல் வேலை, பிரிட்ஜ் பகுதியைத் துப்புரவாக வெறுமையாக்குவது. பால், முட்டை, சமைத்த கறி, திருவின தேங்காய்ப்பூ, கீரை எதுவும் இருக்கக்கூடாது. தட்டுகளைத் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, அடுப்புக்கரித் துண்டு இரண்டை ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுத்தான் பட்டனை அமத்த வேண்டும். கதவு மூடியபடி இருக்கட்டும்.

எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்றால், சுவரூடாக உள்ளே புகும் வெப்பம் வெளிச்சூட்டுக்கும் உட்குளிருக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. குசினி 33 பாகை, பிரிட்ஜ் 4 பாகை என்றால் இடைவெளி 29. ஹொலிடேயில் பிரிட்ஜ் 15 பாகை என்றால் அது 18 ஆகக் குறைகிறது. பிரீசரில் 51, அது மாறுவதே இல்லை. அதனால் கரண்டைத் தின்பதில் பெரும் பங்கு ஹொலிடேயில் இருக்கும்போதும் பிரீசருக்குத்தான் போகும். பத்து நாளில் மிச்சம் சில யூனிட்தான். மாத பாவனை 60 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அந்தச் சில யூனிட்டும் பெறுமதியானது, 60 ஐத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும். ஆனால் இரண்டு நாள் பயணத்துக்கு இதைப் போடுவது வீண் வேலை. சாமானை எல்லாம் இறக்கி ஏற்றி, திரும்பி வந்து மறுபடி குளிர வைப்பதற்குள் மிச்சமெல்லாம் கரைந்துவிடும்.

உண்மையான மிச்சம் வேண்டுமென்றால் பாரையைத்தான் பார்க்க வேண்டும். போவதற்கு முந்தின கிழமையே மீனைச் சமைத்து முடித்துப் பிரீசரை வெறுமையாக்கலாம் என்றால், பத்து நாளுக்குப் பிளக்கையே கழற்றிவிடலாம். ஐஸ் முழுக்க உருகின பிறகு துடைத்து, இரண்டு கதவும் சற்றுத் திறந்தபடி இருக்க இடையில் ஒரு துணிச்சுருளைச் செருகிவிட வேண்டும். பூட்டினபடி நிறுத்தின பிரிட்ஜுக்குள் ஒரு கிழமையில் கறுப்புப் புள்ளி விழும், அது ரப்பர் விளிம்பில் ஊறினால் பிறகு கழுவினாலும் போகாது. மீன் இருக்கத்தான் வேண்டும் என்றால் மட்டும் ஹொலிடே.

மீனை விட்டுப் போகிறவர்கள் ஒரு வேலையை மறக்கக்கூடாது. தேத்தண்ணிக் கோப்பையில் முக்கால்வாசி தண்ணீர் விட்டு, பிரீசரில் வைத்து உறைந்த பின், அதன் மேல் ஒரு ஐந்து ரூபாய் குற்றியை வைத்து மீன் பொதிகளுக்கு நடுவே விட்டுவிடுங்கள். மூடிய பிரீசர் நிறைய உறைந்த சாமான் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாளும், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாளும் கரண்ட் இல்லாமல் தாங்கும். அதற்கு மேல் கரண்ட் நின்று பிறகு வந்திருந்தால், மீன் உருகி மறுபடி உறைந்து, நீங்கள் வரும்போது கல்லுப்போல இருக்கும். பார்வைக்குத் தெரியாது. குற்றி ஐஸின் மேலேயே இருந்தால் மீன் நல்லது. கோப்பையின் அடியில் கிடந்தால் அது முழுக்க உருகின மீன், எறிந்துவிட வேண்டும். இடையில் பதிந்து நின்றாலும் நாங்கள் எறியத்தான் சொல்வோம்.

திரும்பி வந்த அன்றுதான் அடுத்த பிழை. ஹொலிடேயை நிறுத்த மறந்து, வழியில் வாங்கின பாலையும் மரக்கறியையும் அடுக்கிவிடுவார்கள். விளக்கு எரிகிறது, மேலே ஐஸ் இருக்கிறது, ஆகவே சந்தேகம் வராது. மறுநாள் பால் திரைந்தபின்தான் தெரியும். வந்தவுடன் ஹொலிடேயை நிறுத்தி, பிரிட்ஜ் பகுதிக்கான டர்போவைப் போட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியை விட்டு நடுத்தட்டில் வையுங்கள். தண்ணீர் 5 பாகைக்கு இறங்கின பிறகுதான் பால். அதற்குச் சில மணித்தியாலம் பிடிக்கும்.

டர்போ என்பது கொம்பிரசரை முழு வேகத்தில் ஓட்டும் தற்காலிக ஏற்பாடு. பல பிரிட்ஜ்களில் பிரிட்ஜுக்கு ஒரு டர்போ, பிரீசருக்கு ஒரு டர்போ என்று தனித்தனியே உண்டு. இரண்டையும் மாறி அமத்துவதால்தான் கீழே கீரை உறைந்துபோக, மேலே மீன் இளகியபடி கிடக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் மலிவாக அகப்பட்டது என்று நாலு கிலோ மீனை ஒரே பையில் திணித்து வைத்த பிறகு டர்போ போட்டால், நடுவில் உள்ள மீன் உறைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முதல்நாள் இரவே பிரீசர் டர்போவைப் போட்டுவிட்டு, அரைக் கிலோ வீதம் இரண்டு விரல் தடிப்பில் தட்டையாகப் பொதி கட்டி, தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புங்கள். ஒரு நாளில் எத்தனை கிலோ உறைய வைக்கலாம் என்பது கைநூலில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். நாலு கிலோ மீன் உறைய எடுக்கும் கரண்ட் அரை யூனிட்டுக்கும் குறைவுதான். செலவு கூடுவது டர்போவை நாட்கணக்கில் விடுவதால். மொடலைப் பொறுத்துச் சில மணித்தியாலத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ அது தானாக நிற்கும், மீன் கல்லான பிறகும் எரிந்தால் நீங்களே நிறுத்திவிடலாம்.

கொன்வேர்ட்டபிள் பிரீசரை பிரிட்ஜாக மாற்றினால் 51 பாகை இடைவெளி 29 ஆகிவிடும், மாதக்கணக்கில் மீன் வைக்காத வீட்டுக்கு இதுதான் மூன்றிலும் கூடிய மிச்சம் தரும் பட்டன். சாமத்திய வீட்டுக்கு மரக்கறியும் சோடாவும் நிறைய வந்தாலும் உதவும். ஆனால் உள்ளே ஒரு பொதி இறால் மறைந்திருந்தாலும் அது இளகிவிடும், தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டே மாற்றுங்கள். மாலையில் மாற்றினால் காலையில் சாமான் வைக்கலாம். பழையபடி பிரீசராகத் திருப்பும்போதும் ஓர் இரவு விட்டு, −18 காட்டின பிறகே மீன் வையுங்கள்.

கரண்ட் போய் வரும் இடங்களில் கடைசியாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஹொலிடேயைப் போட்டுவிட்டுச் சுவிச்சை ஐந்து நிமிடம் நிறுத்தி மறுபடி போடுங்கள். சில மொடல்கள் போட்ட தெரிவை மறந்து வழமைக்கே திரும்பும். உங்களுடையது அப்படியானால், பூட்டின வீட்டில் முதல் கரண்ட் தடையோடு ஹொலிடே போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.