லயத்து வீடு போன பிறகும் அட்டையில் பழைய முகவரியா? முகவரி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக்கில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுன்களில் இரண்டு வகையான மக்கள் முகவரிக்காகத் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம், தோட்டம் கைமாறியதாலோ வேலை ஓய்வு பெற்றதாலோ லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் கோயில் கொட்டகையிலும் காலம் தள்ளும் நம்மவர்கள். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் செம்பனைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து கோங்சியில் தங்கியிருப்பவர்கள். இரு தரப்பாருக்கும் வழி இருக்கிறது. ஆனால் வழி ஒன்றல்ல. ஒருவருக்கான வழியை மற்றவர் பின்பற்றும்போதுதான் பல நாள் அலைச்சல் வீணாகிறது.

முதலில் நம்மவர்கள் விஷயம். பெரும்பாலோர் செய்வது ஒரே தவறு: அடையாள அட்டையில் இருக்கும் தோட்ட முகவரியை அப்படியே விட்டுவிடுவது. “கடிதம் வந்தால் கிராணி எடுத்து வைப்பார்” என்ற பழைய நம்பிக்கை இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை என்றால் கடிதத்தை யார் எடுத்து வைப்பார்? குடியிருப்பு மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகள் கூறுகின்றன. நீல அட்டைக்காரர்களுக்கு மட்டுமல்ல, சிவப்பு அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது பொருந்தும். காலம் கடந்துவிட்டதே என்று பயந்து ஒதுங்கி இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாமதமாகப் போவது போகாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பழைய முகவரியின் விலை ஓட்டிலும் தெரியும். 2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. அதுவரை பதிந்துகொள்ளாதவர்களின் பெயர், அடையாள அட்டையில் இருக்கும் முகவரியை வைத்துத்தான் பட்டியலில் ஏறியது. தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகளான பிறகும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே போய் ஓட்டுப் போட வேண்டிய நிலை பலருக்கு வந்தது இதனால்தான்.

இனி, எல்லாப் படிகளையும் ஒருவரின் நிலையில் வைத்துப் பார்ப்போம். ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர். கணவர் இல்லை. லயத்து வீட்டைக் காலி செய்த பிறகு, டவுனில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கும் தம் அக்காள் மகனோடு தங்கியிருக்கிறார். வாடகை கிடையாது. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் அந்த இளைஞர் பெயரில் வருகின்றன. இவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. “என் பெயரில் பில் இல்லையே, நான் எதைக் காட்டுவது?” என்று கேட்டு இவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இதுதான் இரண்டாவது தவறு.

பில் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வீட்டில் அவர் உண்மையில் வாழ்கிறார் என்று காட்டினால் போதும். அதற்கு இப்படிச் செய்யலாம். வீட்டுக்காரரான அக்காள் மகன் ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறார், மலாயில். அதில் அவருடைய பெயர், அடையாள அட்டை எண், முழு முகவரி. சின்னம்மாவின் பெயர், அடையாள அட்டை எண், உறவு. எந்த மாதத்திலிருந்து தங்கியிருக்கிறார் என்ற விவரம். கையெழுத்து, தேதி, தொலைபேசி எண். அதோடு அண்மைய மின்கட்டண பில்லின் நகலும் அவருடைய அடையாள அட்டையின் நகலும். அந்தக் கடிதத்தை முக்கிமின் பெங்குலுவிடமோ குடியிருப்புப் பகுதியின் சமூகத் தலைவரிடமோ காட்டி, உறுதிப்படுத்தி முத்திரை போட்டுத் தரும்படி கேட்கலாம். முடிந்தால் பதிவு இலாகாவுக்கு அந்த இளைஞரும் கூடவே வருவது நல்லது. முகப்பில் இருக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அங்கேயே தீர்ந்துவிடும்.

புதிய முகவரி பதிவானதும் வீட்டு எண், புளோக், மாடி, ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகியவற்றை அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். அடுக்குமாடியில் புளோக் எழுத்து விட்டுப்போனால் கடிதம் வேறு வீட்டுக் கதவடியில் கிடக்கும். படிக்கத் தெரியாத பெரியவர் என்றால் கூட வந்தவர் உரக்க வாசித்துக் காட்டட்டும்.

இங்கேதான் மூன்றாவது தவறு காத்திருக்கிறது, மிகப் படித்தவர்களும் செய்வது: அட்டையில் மாற்றிவிட்டால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று எண்ணுவது. அப்படி மாறாது. வாக்களிக்கும் இடம் மாற வேண்டுமானால் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே அட்டையிலுள்ள முகவரியைத்தான் பார்ப்பார்கள் என்பதால், பதிவு இலாகா வேலை முதலில், தேர்தல் ஆணைய வேலை அடுத்து. ஊழியர் சேமநிதி வாரியம், சொக்சோ, வங்கி, உதவித் தொகைக்கான விண்ணப்பம் என்று ஒவ்வொன்றிலும் நாமேதான் போய்ச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதுவது முக்கியம். ஓரிடத்தில் ‘ஜாலான்’ என்றும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் எழுதி, ஒன்றில் தாமானின் பெயரை விட்டுவிட்டால், அது இரண்டு முகவரிபோலத் தோன்றும். புதிய முகவரியை ஒரு தாளில் தெளிவாக எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது பெரியவர்களுக்குப் பேருதவி.

உறவினர் முகவரியைப் பயன்படுத்துவது வேறு, இரவல் வாங்குவது வேறு. உண்மையில் சுங்கை சிப்புட்டில் தங்கியிருந்துகொண்டு, ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டு முகவரியை அட்டையில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. “மகள் வீடுதானே” என்பார்கள். சமூக நல இலாகாவிடம் உதவி கேட்கும்போது இது வெளிப்படும். விண்ணப்பம் குடியிருக்கும் மாவட்டத்து அலுவலகத்துக்குப் போகும். அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிறது, ஈப்போ கிந்தா மாவட்டத்தில் இருக்கிறது. மகள் வீட்டில் அதிகாரி கதவைத் தட்டும்போது விண்ணப்பித்தவர் அங்கே இல்லை, அவருடைய துணிமணிகூட இல்லை என்றால், உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவரின் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அட்டைக்காகப் பதிவு இலாகாவிடம் தெரிந்தே பொய்யான விவரம் கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். முகவரிக்குக் காசு வாங்கும் ஆட்களிடம் போகவே கூடாது.

அஞ்சல் பெட்டி எண்ணும் குடியிருப்பு முகவரி ஆகாது. கடிதம் வாங்க மட்டும் அது உதவும்.

கோயில் கொட்டகையிலோ கடை ஐந்தடியிலோ படுத்திருப்பவர்களுக்கு? கோயில் வளாகத்திலேயே நிர்வாகத்தின் சம்மதத்தோடு தங்கியிருந்தால், நிர்வாகக் குழுவின் கடிதத் தாளில் அதே விவரங்களை எழுதி வாங்கி, மேலே சொன்னதுபோல் பெங்குலுவிடம் கொண்டுபோகலாம். அதுவும் இல்லாதவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் பதிவு இலாகா முகப்புக்குப் போவதைவிட, மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு முதலில் போவது நல்லது. தங்கும் இடமும் முகவரியும் சேர்ந்தே தீர வேண்டிய பிரச்சினை அவர்களுடையது.

வாடகை அறையில் இருப்பவர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடக் கூடாது. ஓர் எளிய ஒப்பந்தம் எழுதி, கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம் என்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். மாதம் 250 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டுக்கு 3,000. தீர்வை 12 ரிங்கிட். இவ்வளவு சிறிய தொகைக்காக முத்திரை இல்லாத தாளை வைத்துக்கொண்டு அலைவது பரிதாபம். பின்னால் தகராறு வந்து நீதிமன்றம் போனாலும் முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். இவர்களுக்கு மைகார்டு கிடையாது; ஆகவே முகவரியைத் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளும் வழியும் கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் “அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி” என்று நல்ல மனத்தோடு அனுப்பி, ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம் என்று ஆனவர்கள் உண்டு. இவர்களுடைய முகவரி முதலாளி வழியாகத்தான் வருகிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தின்படி, தொழிலாளர்களைத் தங்கவைக்கும் இடத்துக்கு முதலாளி ஆள்பல இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பெறாவிட்டால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகலாம். அதாவது, அந்தக் கோங்சி முகவரி அரசாங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டிய ஒன்று. அதைத் தொழிலாளி கேட்டு எழுதி வாங்குவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

கேட்க வேண்டியது, நிறுவனத்தின் கடிதத் தாளில் ஒரு குடியிருப்பு உறுதிக் கடிதம். கடப்பிதழில் உள்ளபடியே பெயர், கடப்பிதழ் எண், வேலைப் பெர்மிட் முடியும் தேதி, தங்கும் இடத்தின் முழு முகவரி, அதிகாரியின் பெயர், கையெழுத்து, நிறுவன முத்திரை, தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதில் நடக்கும் தவறு, தலைமை அலுவலகத்தின் கோலாலம்பூர் முகவரியையோ ஏஜென்டின் முகவரியையோ குடியிருப்பு முகவரியாக எழுதிவிடுவது. எழுத்தருக்கு அது சுலபம், அச்சில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் வங்கியில் கணக்குத் திறக்கும்போது, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளி சுங்கை சிப்புட் என்பார், தாள் கோலாலம்பூர் என்று சொல்லும். கடிதத்தைக் கையில் வாங்கியதும், டவுன் பெயர் சரிதானா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கடப்பிதழைப் புதுப்பிக்கும்போது இன்னொரு குழப்பம் வருகிறது. படிவத்தில் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கேட்பார்கள். மலேசியாவில் தங்கும் இடம் முதலாவது. ஊரில் இருக்கும் வீடு இரண்டாவது. நிரந்தர முகவரியில் கோங்சியை எழுதக் கூடாது. ஊர் வீடு மாறவில்லை என்றால் பழைய கடப்பிதழில் அச்சாகியிருப்பதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும்.

“முகவரி வேலைக்குத் தேவை” என்று சொல்லி முதலாளியோ ஏஜென்டோ கடப்பிதழையே வாங்கி வைத்துக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டம் அதைக் குற்றமாகக் கருதுகிறது. கடிதம் தயாரிக்க நகல் போதும். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக் கோங்சிக்கு மாற்றினால், பழைய கடிதம் அன்றோடு செல்லாது. புதிய இடத்தில் முதல் சம்பளம் வருவதற்குள் புதிய கடிதம் கேட்டு வாங்கி, வங்கியிலும் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையில் காயம்பட்டுச் சொக்சோ படிவம் நிரப்பும் நிலை வந்தாலும் அந்தப் புதிய முகவரியைத்தான் எழுத வேண்டும்.