எழுதி முடித்த இயலிலிருந்து சட்டகத்தைத் திரும்ப எடுப்பது எப்படி?

நாற்பது பக்க இயல் ஒன்று ‘செய்தி இருக்கிறது, ஒழுங்கு இல்லை’ என்ற ஒற்றை வரியோடு மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தால் எங்கே கைவைப்பது என்றே தெரியாது. பெரும்பாலோர் முதல் பக்கத்திலிருந்து படித்துத் திருத்தத் தொடங்குவார்கள். வாக்கியங்கள் சீராகும், ஒழுங்கு பழையபடியே இருக்கும். படிக்கும்போது கண் வாக்கியத்தில்தான் நிற்கிறது; ஐந்தாம் பத்திக்கும் நாற்பதாம் பத்திக்கும் உள்ள உறவு கண்ணில் படுவதில்லை. அதைப் பார்க்க, எழுதியதை ஒரு பட்டியலாகச் சுருக்க வேண்டும். இதைத் தலைகீழ்ச் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டுக்கு, மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி எழுதும் முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் இயலை அவள் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன். 1950களிலும் 60களிலும் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்த வட்டாரத் தொழிலாளர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் பொருள். ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் அதைச் சிறு சிறு துண்டாக விற்றார்கள். வேலையோடு லயத்து வீடும் போயிற்று. இயலில் 58 பத்திகள்.

முதலில் எண் போடுங்கள்

இயலை அச்சிட்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் வரிசை எண் எழுதுங்கள். தனியாக உள்தள்ளி அச்சான மேற்கோளுக்கு வேறு எண் வேண்டாம். அதை அறிமுகப்படுத்தும் பத்தியோடு சேர்த்துவிடலாம். பிறகு எக்செல்லில் நான்கு கட்டங்கள்: எண், பத்தி சொல்வது, பத்தி செய்யும் வேலை, முன்தேவை. நான்காவதை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

பத்திக்கு ஒரு முழு வாக்கியம்

இந்த முறை பலன் தருவதும் தராததும் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது. தங்கை முதலில் 11ஆம் பத்திக்கு ‘துண்டாடல்’ என்று எழுதினாள். 23க்கும் ‘துண்டாடல்’தான். அப்படி எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், எதையும் கண்டுபிடிக்க முடியாது. தலைப்பை விட்டுவிட்டு வாக்கியமாக எழுதச் சொன்னேன்:

11 – நாட்டின் நிலைமை எப்படி மாறுமோ என்ற அச்சத்தில் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள்.

23 – துண்டு துண்டாக விற்றதால் லயத்தில் இருந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள்.

ஒன்று காரணம், மற்றது விளைவு. இப்போது குழப்பமில்லை.

எழுதியவரே இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. பத்தியில் இருப்பதை எழுதாமல், மனதில் இருந்ததை எழுதிவிடுவோம். 17ஆம் பத்திக்கு அவள் அழகான ஒரு வாக்கியம் எழுதினாள். “எங்கே இருக்கு? கோடு போடு” என்றேன். தேடிப் பார்த்துவிட்டு, “நினைச்சேன் அக்கா, எழுதலை போல” என்றாள். ஆகவே உங்கள் வாக்கியத்துக்கு ஆதாரமான சொற்களைப் பத்தியிலேயே அடிக்கோடிட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் ‘?’ போட்டுவிட்டு நகருங்கள். ஒரு பத்திக்கு இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். அந்தப் பத்தியைப் பிரிக்க வேண்டியிருக்கும். எதையும் இப்போதே திருத்தக் கூடாது. திருத்தத் தொடங்கினால் பட்டியல் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாம் கட்டத்துக்கு ஒரு சொல் போதும்: பின்னணி, கருத்து, சான்று, மறுப்பு, இணைப்பு.

இயலை மூடிவிட்டுப் பட்டியலை மட்டும் படியுங்கள்

கூறியது கூறல் முதலில் கண்ணில் படும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் 4, 19, 41 ஆகிய மூன்று பத்திகளில் வந்திருந்தன. எங்கள் ஊர்ச் செய்தி என்பதால் அவளுக்கு விட மனமில்லை. மூன்றாம் கட்டம்தான் முடிவு சொன்னது. 4இல் அது பின்னணி, 19இல் உரிமையாளர்களின் அச்சத்துக்குச் சான்று, 41இல் மறுபடி பின்னணி. 19ஐ முழுசாக வைத்து, 4ஐ ஒரு வரியாக்கி, 41ஐ எடுத்துவிட்டாள். ஒரே கருத்து இரண்டு பத்தியில் வந்தாலும் சான்று வேறு வேறாக இருந்தால் நீக்காதீர்கள், அடுத்தடுத்து வையுங்கள்.

அடுத்து, இடம் மாறியவை. இப்போது நான்காம் கட்டத்தை நிரப்புங்கள்: இந்த வரி புரிய வாசகர் முன்கூட்டியே எதை அறிந்திருக்க வேண்டும், அது எந்தப் பத்தியில் இருக்கிறது? அந்த எண் பத்தியின் சொந்த எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் பத்தி தவறான இடத்தில் இருக்கிறது. 14ஆம் பத்தி, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைச் சொல்கிறது. சங்கம் தொடங்கியதே துண்டாடலை எதிர்கொள்ளத்தான். தொழிலாளர்கள் பட்ட பாடோ 23இலிருந்து 30 வரை வருகிறது. நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொன்ன மாதிரி. முன்தேவைக் கட்டத்தில் ‘23, 26’ என்று எழுதியதும், 14 போக வேண்டிய இடம் 30க்குப் பின்னால் என்பது தெரிந்துவிட்டது.

33ஆம் பத்தியின் கதை வேறு. சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். செய்தி சரிதான், ஆனால் இந்த இயல் சுங்கை சிப்புட்டைப் பற்றியது. இந்த இயலில் எங்கே நகர்த்தினாலும் பொருந்தாது. இப்படிப்பட்டவற்றை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள், வேறு இயலுக்கு உதவும்.

இடைவெளிதான் கடினம், இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு நடுவே ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘ஏனென்றால்’, ‘எடுத்துக்காட்டாக’ இவற்றில் ஒன்றைப் போட்டுப் படியுங்கள். ‘மேலும்’ மட்டுமே பொருந்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பத்திகள் ஒன்றையொன்று தொடாமல் சும்மா வரிசையில் நிற்கின்றன. ‘ஆகவே’ பொருந்துகிறது என்பதாலும் நிம்மதி அடைய வேண்டாம். 30, தொழிலாளர்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறினார்கள் என்கிறது. 31, ஊர் ஓரத்தில் குடியிருப்புகள் பெருகின என்கிறது. ‘ஆகவே’ கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் அங்கே குடியேறியவர்கள் இவர்கள்தானா? மூன்றாம் கட்டத்தில் 30, 31, 32 மூன்றுமே ‘கருத்து’, நடுவில் ஒரு ‘சான்று’கூட இல்லை. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் அவள் எடுத்த நேர்காணல்களில் யார் எங்கே போனார்கள் என்பது இருந்தது, இயலுக்குள் வரவில்லை. அவ்வளவுதான்.

இயலின் முன்னுரையில் கொடுத்த வாக்குறுதிகளையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்களின் கூலி பற்றிப் பேசப்போவதாக எழுதியிருந்தாள். 58 வரிகளில் ஒன்றுகூட இல்லை. எழுத வேண்டும், அல்லது வாக்குறுதியை எடுக்க வேண்டும்.

முந்தைய ஆய்வுகளைப் பேசும் இயலில் இந்த முறை வேறு ஒன்றைக் காட்டும். பட்டியலின் வரிகள் எல்லாம் ‘இன்னார் சொல்கிறார்’ என்றே தொடங்கினால், கேள்வி வாரியாக அடுக்க வேண்டியதை ஆள் வாரியாக அடுக்கியிருக்கிறீர்கள். சான்று உண்மையா பொய்யா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

நகர்த்தும்போது

கோப்பின் பிரதியில்தான் வெட்டி ஒட்ட வேண்டும். அதற்கு முன் அடிக்குறிப்புகளில் உள்ள ‘மேலது’ எல்லாவற்றையும் ஆசிரியர் பெயர், பக்க எண்ணோடு முழுசாக எழுதிவிடுங்கள். பத்தி இடம் மாறினால் ‘மேலது’ வேறு யாரோ ஒருவரின் நூலைக் காட்டும், வேர்ட் எச்சரிக்காது. நகர்த்திய பிறகு `Ctrl+F` அழுத்தி ‘மேலே’, ‘முன்னர்’, ‘கீழே’ ஆகிய சொற்களைத் தேடுங்கள். ‘மேலே கூறியதுபோல’ என்று சொன்ன பல இடங்களில், கூறியது இப்போது கீழே இருக்கும். சங்கத்தின் முழுப்பெயர் முதல்முறை வரும் இடமும் மாறியிருக்கும். 14ஐ நகர்த்தியதும், சங்கத்தைச் சுருக்கப் பெயரில் குறிப்பிட்ட 22 அதற்கு முன்னால் வந்துவிட்டது. முழுப்பெயரை அங்கே மாற்றி எழுதிய பிறகுதான் அவள் இயலைத் திரும்ப அனுப்பினாள்.