பி.எஃப். பணத்தை எடுக்கும் முன்: ஐந்து ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி கிடையாது. எந்த ஐந்து ஆண்டு என்பதில்தான் சிக்கல். முதல் நிறுவனத்தில் 3 ஆண்டு 2 மாதம், இரண்டாவதில் 2 ஆண்டு 1 மாதம் வேலை பார்த்தவருக்கு மொத்தம் 5 ஆண்டு 3 மாதம் ஆகிறது. ஆனால் பழைய கணக்கின் பணம் புதிய கணக்குக்கு மாறியிருந்தால்தான் பழைய காலமும் கூட்டப்படும். மாற்றாமல் இரண்டாவது கணக்கிலிருந்து 2,40,000 ரூபாய் எடுத்தால் 24,000 ரூபாய் டிடிஎஸ் போய்விடும். மாற்றிய பிறகு எடுத்தால் வரியே இல்லை.

முதலில் இபிஎஃப்ஓ-வின் உறுப்பினர் தளத்தில் `View → Service History` பக்கத்தைத் திறவுங்கள். கைப்பேசிச் செயலியைவிடக் கணினியில் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும்; எல்லாத் தேதிகளும் ஒரே பார்வையில் தெரியும். அங்கே நிறுவனத்துக்கு ஒன்றாக இரண்டு உறுப்பினர் எண்கள் இருக்கும்.

நான் தடுமாறியது இங்கேதான். எல்லா வேலைகளுக்கும் பொதுவான யூஏஎன் எண் ஒன்றே என்பதால் கணக்கும் ஒன்றாகிவிட்டது என்று தோன்றும்; அப்படி இல்லை. பாஸ்புக்கில் பழைய உறுப்பினர் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இருப்பு இன்னும் அங்கேயே இருந்தால் பணம் மாறவில்லை. அப்போது `One Member – One EPF Account (Transfer Request)` வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாததால் விண்ணப்பம் நின்றால், `Mark Exit` மூலம் நீங்களே பதியலாம். கடைசிப் பங்களிப்புக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். பழைய கணக்கில் இருப்பு பூஜ்யமாகி, புதிய கணக்கில் அது வரவானதைப் பார்த்த பிறகே பணம் கேட்டு விண்ணப்பியுங்கள்.

ஐந்து ஆண்டு நிறையாவிட்டாலும் விலக்கு உண்டு: உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் மூடப்பட்டதாலோ, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருக்க வேண்டும். நல்ல சம்பளத்தில் வேறு வேலை கிடைத்து நாமே விலகுவது இதில் வராது.

பின்சேர்க்கை: 50,000 ரூபாய்க்குக் குறைவாக எடுத்தால் வரி இல்லையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். டிடிஎஸ் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் வரி உண்டு. நிறுவனத்தின் பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகவும், உங்கள் பங்கின் வட்டி பிற வருமானமாகவும் கணக்கில் வரும். உங்கள் பங்குக்கு முன்பு 80சி கழிவு பெற்றிருந்தால் அதற்கும் வரி விழும்.

இன்னொரு வாசகருக்குப் பணம் மாறியும் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். அவருடைய முதல் நிறுவனம் சொந்த அறக்கட்டளை மூலம் பி.எஃப். நடத்தியது, பணம் வந்தது, ஆனால் பழைய வேலைக்காலம் பதிவில் ஏறவில்லை. அத்தகைய நிறுவனத்திடமிருந்து, மாற்றிய பணத்தையும் வேலைக்காலத்தையும் காட்டும் `Annexure K` ஆவணத்தை வாங்கி, அதிலுள்ள தேதிகள் `Service History`-யில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையை விலக்குள்ள வருமானமாகக் காட்டி, பிடித்ததைத் திரும்பப் பெறலாம்.