"பார்த்துக்கலாம் தம்பி"

பராமரிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்றபோது எனக்கு வயது 29. என் கீழே இருந்த மூத்த டெக்னீஷியனுக்கு 54. சர்வீஸ் பதிவேட்டை அவர் நிரப்பவே மாட்டார். கேட்டால், "பார்த்துக்கலாம் தம்பி."

ஒருநாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். புத்தி கெட்ட வேலை. அன்றிலிருந்து சொன்னதை மட்டும் செய்தார். ஒரு பம்ப்பின் பேரிங் சத்தம் மாறியது அவருக்கு முன்பே தெரியும், வாய் திறக்கவில்லை. பம்ப் நின்றது.

பிறகு அவருடைய மேசைக்கே போனேன். முதலில் மன்னிப்பு கேட்டேன். அப்புறம், "இந்தப் படிவத்தில் என்ன தப்பு, சார்?" என்றேன். பேனாவை எடுத்து 22 கட்டங்களில் 16-ஐ அடித்தார். "சத்தம் எப்படின்னு எழுத இடமே இல்லையே!" அதற்கு ஒரு கட்டம் சேர்த்தோம்.

எதை எப்படிப் பழுதுபார்ப்பது என்பது அவர் முடிவு. வெள்ளி மாலைக்குள் பதிவு வர வேண்டும் என்பது என் முடிவு. இதைத் தெளிவாகப் பேசிக்கொண்டோம். இரண்டாவது வாரமே தவறினார். விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் தனியாகத்தான் கேட்டேன். முணுமுணுத்தபடி எழுதினார்.

இன்னும் 'தம்பி'தான். ஆனால் சத்தக் கட்டம் காலியாக வருவதில்லை.