நிலாவெளி சீசனில் ஏறிய எண்ணை உங்கள் வடிவமைப்பின் கணக்கில் எழுதாதீர்கள்

திருகோணமலையில் இருந்து தனியாக வேலை செய்யும் ஒரு வடிவமைப்பாளர், நிலாவெளியில் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெப்ரவரியில் புதிய தளம் ஏறுகிறது. ஜூலையில் தன் போர்ட்ஃபோலியோவில் எழுதுகிறார்: “புதிய வடிவமைப்புக்குப் பிறகு அறை கேட்டு வரும் விசாரணைகள் மூன்று மடங்காகின.”

எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வடிவமைப்பின் விளைவு என்று யாரும் நம்ப மாட்டார்கள். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகி, மே தொடக்கம் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் சீசன். புறாத்தீவுக்குப் படகு ஏற ஆட்கள் குவியும் மாதங்கள் அவை. பழைய தளமே இருந்திருந்தாலும் விசாரணைகள் ஏறியிருக்கும். கிழக்குக் கரையில் தொழில் செய்பவர் இதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார், அப்புறம் நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்.

ஜூனை முந்தைய ஆண்டின் ஜூனோடு ஒப்பிடுங்கள். கூடவே, வந்த பார்வையாளர்களில் எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: போன ஜூனில் 400 பார்வையாளர்கள், 12 விசாரணைகள். இந்த ஜூனில் 420 பார்வையாளர்கள், 21 விசாரணைகள். நூற்றுக்கு 3 ஆக இருந்தது 5 ஆகியிருக்கிறது. இதை “67% உயர்வு” என்று பெரிய எழுத்தில் போட ஆசை வரும். போட வேண்டாம். 12, 21 என்பவை சிறிய எண்கள். ஒரே ஒரு குடும்ப விழாவுக்கு ஐந்து பேர் தனித்தனியாக விசாரித்தாலே கணக்கு மாறிவிடும். எண்களை அப்படியே எழுதி, ஒரு மாதக் கணக்கு இது என்றும் சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளியில் உரிமையாளர் விளம்பரம் போட்டிருந்தாலோ, வாடகையைக் குறைத்திருந்தாலோ அதையும் ஒரு வரியில் சேருங்கள்.

இதே கணக்கில் இன்னொரு பொறி உண்டு. பழைய தளத்தில் இருந்தது தொடர்புப் படிவம், புதியதில் இருப்பது வாட்ஸ்அப் பொத்தான் என்றால், இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. படிவத்தை நிரப்புவதைவிட வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவது சுலபம், அதனால் சும்மா கேட்டுப் பார்ப்பவர்களும் கூடுவார்கள். பொத்தானை அழுத்திய எண்ணிக்கை இன்னும் மோசம். அழுத்திவிட்டு எதுவும் அனுப்பாமல் போகிறவர்கள் நிறைய. தளத்தில் இருந்து வந்த செய்திகளை மட்டும் பிரித்தெடுக்க, இணைப்பிலேயே ஒரு வாசகத்தை வைத்துவிடலாம்:

```
https://wa.me/<எண்>?text=Website%20booking
```

அனுப்புபவர் அதை அழிக்காதவரை, உரிமையாளரின் போனில் அந்த வாசகத்தைத் தேடினால் எண்ணிவிடலாம். இவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து தங்கினார்கள் என்று அவரிடம் கேளுங்கள். போன ஜூனில் 5 பேர், இப்போது 8 பேர் என்றால், 12க்கும் 21க்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதுதான் நேர்மையான ஒப்பீடு.

விளைவை அளக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய தளத்தின் பிரச்சினையைப் போர்ட்ஃபோலியோவில் தவறாக எழுதுவது. “தளம் பழையதாகத் தெரிந்தது” என்று எழுதினால் எதை அளப்பது? உரிமையாளரின் அனுமதியோடு, கடைசியாக வந்த விசாரணைகளை உட்கார்ந்து வாசியுங்கள். கடற்கரை எவ்வளவு தூரம், ஏசி இருக்கிறதா, மூன்று பேருக்கு என்ன வாடகை என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வந்தால், பிரச்சினை அங்கேதான்: அறையைத் தேர்வு செய்யத் தேவையான தகவல் தளத்தில் இல்லை. இப்படி எழுதினால் விளைவும் தானாகத் தெரியும். அந்தக் கேள்விகள் குறைந்தனவா?

போர்ட்ஃபோலியோவில் வேலை நடந்த விதத்தைச் சொல்லும் செயல்முறைப் பகுதியில் ஒட்டுத்தாள் படங்களையும் எல்லா வரைவுகளையும் அடுக்குவதை விட்டுவிடலாம். ஒரு முடிவை மட்டும் விரிவாகக் காட்டுங்கள். முதலில் அறை விலைகளை ஒரு அட்டவணையாக வைத்தீர்கள், போனில் அது பக்கவாட்டில் நகர்ந்தது, சோதித்துப் பார்த்தவர்கள் கடைசி நிரலைக் கவனிக்கவே இல்லை, ஆகவே ஒவ்வொரு அறைக்கும் தனி அட்டையாக மாற்றினீர்கள். இரண்டு ஸ்கிரீன்ஷாட், நாலு வரி போதும். படங்களை எடுத்தது வேறொருவர் என்றால் அவர் பங்கையும் சொல்லிவிடுங்கள்.

வருமானம் சார்ந்த எண்களை வெளியிட உரிமையாளர் விரும்பாமல் போகலாம், அது நியாயம்தான். அனுமதியை வேலை தொடங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விகிதத்தை மட்டும் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய எண்கள் எதுவுமே இல்லை, தளமும் மாறிவிட்டது என்றால், பழைய பக்கத்தின் பிரதி Wayback Machine-இல் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால், போனில் அதையும் புதியதையும் ஆறு பேரிடம் கொடுத்து, “மூன்று பேருக்கு ஏசி அறை என்ன விலை?” என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குப் பழையதையும் மீதிப் பேருக்குப் புதியதையும் முதலில் காட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவதாகப் பார்க்கும் தளம் பழகிப்போய் வேகமாகத் தெரியும். எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அப்படியே எழுதலாம். விற்பனை கூடியது என்று மட்டும் அதை வைத்துச் சொல்லக் கூடாது.