கடல் நீர் மழையாகும் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் நீர் மழையாகி, ஆறாகி, மீண்டும் கடலைச் சேர்வதை ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்பும் ஆசிரியர்கள் பலர், கொதிக்கும் நீரைக் காட்டித்தான் தொடங்குகிறார்கள். அந்தத் தொடக்கத்திலேயே இரண்டு பிழைகள் ஒட்டிக்கொள்கின்றன. கொதித்தால்தான் நீர் ஆவியாகும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது; பாத்திரத்துக்கு மேல் வெண்மையாகத் தெரிவதுதான் நீராவி என்றும் நம்பிவிடுகிறது.

முதல் பிழைக்குத் தூத்துக்குடி உப்பளங்களே விடை. அங்கே யாரும் பாத்திகளுக்கு அடியில் தீ மூட்டுவதில்லை. வெயிலும் காற்றும் பட்டே நீர் ஆவியாகி, உப்பு தங்கிவிடுகிறது. உப்புக் கரைத்த நீரைத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி வெயிலில் வைத்தால், மழைநீர் ஏன் கரிப்பதில்லை என்பதையும் குழந்தைகளே கண்டுகொள்வார்கள்.

நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெண்மையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து உருவான நுண்ணிய நீர்த்துளிகள், மேகமும் அத்தகையதே. இதைக் காட்ட எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டியும் நீரும் இட்டு வைப்பது வழக்கம். ஆனால், டம்ளரின் வெளிப்புறம் துளிர்ப்பதை உள்ளிருந்து கசிந்த நீர் என்றே பல குழந்தைகள் எண்ணுவார்கள். உள்ளே உள்ள நீரில் முன்பே மஞ்சள்தூளைக் கலந்துவிட்டால், வெளியே அரும்பும் துளிகள் நிறமற்றிருப்பதைப் பார்த்து, அவை காற்றிலிருந்து வந்தவை என்று தெளிவார்கள்.

'மேகங்கள் மலையில் மோதி மழை பொழிகின்றன' என்னும் வாக்கியத்தை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன், ஏனெனில் அது மேகத்தை நீர் நிரம்பிய பையாக ஆக்கிவிடுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது, உயரத்தில் அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. அதிலுள்ள ஆவி மிக நுண்ணிய தூசு, உப்புத் துகள்களின்மேல் துளியாகப் படிகிறது. ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று மீண்டும் வெப்பமடைவதால், ஜூன், ஜூலையில் பொதிகை மலையில் மழை பெய்யும்போதும் தூத்துக்குடி வறண்டே கிடக்கிறது.

கடைசியாக, கரும்பலகையில் வரையும் ஒற்றை வட்டம். கடலிலிருந்து எழும் நீரில் பெரும்பகுதி கடலிலேயே மழையாக விழுகிறது என்பதை அது மறைக்கிறது. பொதிகையில் பெய்ததிலும் ஒரு பங்கு இலைகள் வழியே மீண்டும் காற்றில் கலக்கிறது; ஒரு பங்கு மண்ணில் இறங்கி மெல்ல ஊறி வெளிவருகிறது. மழை ஓய்ந்த மாதங்களிலும் தாமிரபரணி மலையில் வற்றாமல், புன்னைக்காயல் கடலை நோக்கி இறங்கி வருவதற்கு அந்த ஊற்றுநீர் முக்கியக் காரணம். ஆகவே வட்டத்தோடு நிறுத்தாமல், மண்ணுக்குள் இறங்கும் ஓர் அம்புக்குறியையும் கட்டாயம் வரைய வேண்டும்.